பட்டாணிச் சாறும் பஞ்சு அடைப்பும்: அப்பேர் புட்டிகளைச் செய்து பார்த்தது

டப்பா உணவைக் கண்டுபிடித்த நிக்கோலா அப்பேருக்குத் தன் புட்டிகள் ஏன் கெடாமல் இருந்தன என்று தெரியாது. பாரிஸில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவர், 1790களில் ஆரம்பித்து வருஷக்கணக்காகச் செய்து பார்த்து 1810இல் முறையைப் புத்தகமாக வெளியிட்டார். வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 ஃபிராங்க் கொடுத்தது. முறை எளிது: வாய் அகலமான தடித்த கண்ணாடிப் புட்டியில் பட்டாணியைப் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டு, கார்க்கை அடித்து இறக்கிக் கம்பியால் கட்டி, முரட்டுத் துணிப் பையில் போட்டு (புட்டி வெடித்தால் சில்லு சிதறக் கூடாது) தண்ணீரில் வைத்துக் கொதிக்கவிடுவது. குளிர்ந்த ஈரமான பருவம் என்றால் பட்டாணிக்கு ஒன்றரை மணி நேரம், வெயில் காலம் என்றால் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருக்கிறார். காரணம் தெரியாமலே வெயில் காலத்துக்கு அரை மணி நேரம் கூட்டியிருக்கிறார் பாருங்கள், அந்தக் கை அனுபவம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

காரணம் சொன்னவர் வேதியியலாளர் கே-லுசாக். அப்பேரின் புட்டிகளுக்குள் இருந்த காற்றைச் சோதித்தார், அதில் ஆக்ஸிஜன் இல்லை. சரி, ஆக்ஸிஜன்தான் கெடுக்கிறது, சூடு அதைத் தீர்த்துவிடுகிறது, மூடி புதிதாக வரவிடாமல் தடுக்கிறது என்று முடிவு கட்டினார். அளந்தது சரி, முடிவுதான் தவறு. ஆனால் பல வருஷம் எல்லோரும் இதையே நம்பினார்கள். இந்த விளக்கத்தை வீட்டிலேயே உடைத்துப் பார்க்க முடியுமா என்பதுதான் என் முயற்சி.

காய்ந்த பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தண்ணீரை மட்டும் வேட்டித் துணியிலும் அப்புறம் வடிதாளிலும் வடிகட்டினேன். தெளிவான சாறு வேண்டும், அப்போதுதான் கலங்குவது கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு சின்னக் கண்ணாடி புட்டியிலும் வைக்கோல் ஊறிய தண்ணீர் சில துளிகள் சேர்த்தேன். கெடுப்பதற்கு ஆள் எல்லாப் புட்டியிலும் சமமாக இருக்க வேண்டும், வைக்கோலில் அது நிச்சயம் உண்டு. முக்கியமான விஷயம், இது எதையும் சாப்பிடுவதற்கில்லை, ருசி பார்ப்பதற்கும் இல்லை. காற்றில்லாத, புளிப்பில்லாத, அரைகுறையாகச் சூடாக்கிய பட்டாணிப் புட்டி பாட்யூலிசம் என்ற, உயிரையே பறிக்கக்கூடிய நோயை உண்டாக்கும் நச்சுக்கு நல்ல இடம், அந்த நச்சு இருந்தால் மணமோ நிறமோ காட்டிக்கொடுக்கும் என்று நம்ப முடியாது.

முதல் வரிசைப் புட்டிகளைச் சூடாக்கவே இல்லை, காற்றே இல்லாமல் விளிம்பு வரை நிரப்பித் திருகு மூடியால் இறுக்கினேன். கே-லுசாக் சொன்னபடி பார்த்தால் இவை நன்றாகத் தாங்கியிருக்க வேண்டும். மறுநாளே பால் கலந்த மாதிரி கலங்கிவிட்டன, ஓரத்தில் நுண்ணிய குமிழிகள் வரிசையாக ஏற ஆரம்பித்தன, மூடியின் நடு தகடு மேலே புடைத்தது. சாற்றில் கொஞ்சம் காற்று கரைந்திருக்கும்தான், ஆனால் இவ்வளவு வாயுவைக் கிளப்பியது அந்தக் கொஞ்சம் காற்று இல்லை. காற்று இல்லாமலும் வாழ்கிற கிருமிகள் உண்டு என்பது பின்னால் பாஸ்டர் காட்டியது.

இரண்டாவது வரிசை இதற்கு நேர் எதிர்: குக்கரில் ஏற்றி இறக்கினேன், மூடியே கிடையாது, வாயில் இறுக்கமாகப் பஞ்சு மட்டும். தண்ணீர் உறிஞ்சாத பஞ்சாக இருக்க வேண்டும், அதன்மேல் அலுமினியத் தாள் சுற்ற வேண்டும். ஆவியில் பஞ்சு நனைந்துவிட்டால் ஈரத்தின் வழியே கிருமி உள்ளே வந்துவிடும். பஞ்சு வழியாகக் காற்று தாராளமாகப் போய்வரும், தூசியும் அதில் ஒட்டியிருப்பதும் மட்டும் வராது. 1854இல் ஜெர்மனியில் ஷ்ரோடர், ஃபன் டுஷ் இருவரும் செய்தது இதன் மூல வடிவம்தான். என் புட்டிகள் ஆக்ஸிஜன் நடுவில் அப்படியே தெளிவாக நின்றன. சாறு ஒருவேளை சூட்டில் சத்துக் கெட்டுக் கிருமிக்கு உதவாமல் போயிருந்தால் என்ன செய்வது? அதற்காக ஒரு புட்டியின் பஞ்சை எடுத்துத் திறந்துவைத்தேன், சில நாளில் அதன்மேல் ஆடை படிந்தது. ஆக, காற்று குற்றவாளி இல்லை, காற்றோடு வருவதுதான்.

மூன்றாவது வரிசைதான் எனக்கு முக்கியம். அதே சாறு, அதே பஞ்சு, ஆனால் குக்கர் இல்லாமல் திறந்த பாத்திரத்தில் கொதிநீரில் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வைத்தேன். இறக்கியபோது இரண்டாவது வரிசைக்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டு மூன்று நாளில் சாற்றின் மேல் சுருக்கம் விழுந்த வெள்ளைப் படலம், அதன் கீழே கலங்கல். வைக்கோலில் இருக்கும் பாசில்லஸ் விளைந்துவிட்டது. 100 டிகிரியில் அந்தக் கிருமி சாகும், ஆனால் அது உறங்குவதற்குக் கட்டும் கெட்டியான வித்து சாகாது. 1876இல் ஃபெர்டினாண்ட் கோன் வைக்கோல் பாசில்லஸின் வித்துக்கள் கொதிநீரைத் தாங்குவதைக் காட்டினார். லண்டனில் ஜான் டிண்டாலுக்கும் வைக்கோலே தலைவலியானது: முன்பு சில நிமிடக் கொதிப்பில் சுத்தமான சாறுகள், ஆய்வுக்கூடத்துக்குள் பழைய வைக்கோல் வந்தபிறகு மணிக்கணக்கில் கொதிக்கவைத்தும் கெட்டன.

அவர் கண்ட வழி அழகானது. ஒருநாள் கொதிக்கவை, ஆறவிடு. வித்துக்கள் நல்ல நேரம் வந்துவிட்டதென்று முளைக்கும், முளைத்தது சாகக்கூடியது. மறுநாள் கொதிக்கவை, அதற்கடுத்த நாளும். இதையும் ஒரு வரிசையில் செய்தேன், ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம்தான் கொதிக்கவிட்டேன். மொத்த நேரம் மூன்றாவது வரிசையைவிடக் குறைவு, ஆனாலும் தெளிவாக நின்றது. இடையில் இரவு முழுக்க வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும், ஃபிரிட்ஜில் வைத்தால் வித்து முளைக்காது, முறையே வீணாகும்.

எலுமிச்சைச் சாறு நன்றாகப் பிழிந்துவிட்டுக் கொதிநீரில் மட்டும் வைத்த புட்டிகளும் கெடவில்லை. அவற்றிலும் வித்துக்கள் உயிரோடு இருக்கலாம், புளிப்பில் முளைக்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்பேரின் பழங்களைக் காப்பாற்றியதும் இந்தப் புளிப்புதான், பட்டாணிக்கும் இறைச்சிக்கும் அந்த உதவி கிடையாது. குக்கர் வெற்றி பெற்றதற்குக் காரணம் அழுத்தமே அல்ல, அழுத்தத்தால் உள்ளே சுமார் 120 டிகிரி வரை சூடு ஏற முடிவதுதான். பாட்யூலிசக் கிருமியின் வித்தைத் தீர்க்க நம்புகிற சூடும் அந்த அளவுதான். ஆனால் சமையல் குக்கரை நம்பி உணவைப் புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைக்காதீர்கள், அதன் சூட்டை யாரும் உங்களுக்கு அளந்து உறுதி சொல்லவில்லை, புட்டியின் நடுவில் எவ்வளவு ஏறியது என்றும் தெரியாது.

அந்த நடுவைத்தான் கடைசியாகப் பார்த்தேன். வடித்த சாறு ஒரு புட்டி, மசித்த கெட்டிப் பட்டாணி ஒரு புட்டி, இரண்டின் நடுவிலும் குத்தும் வெப்பமானி, ஒரே கொதிநீர். சாறு சீக்கிரமே தண்ணீரின் சூட்டை எட்டிப் பிடித்தது, ஏனென்றால் அது உள்ளே சுழல்கிறது. மசியல் சுழலாது, ஓரத்தில் சுடச்சுட இருக்கும்போதும் நடு வெகு நேரம் வெதுவெதுப்பாகவே கிடந்தது. 1852இல் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஸ்டீபன் கோல்ட்னர் கொடுத்த இறைச்சி டப்பாக்களைத் திறந்து பார்த்தபோது பெரும்பாலானவை அழுகியிருந்தன. பெரிய டப்பாக்களின் நடுவுக்குச் சூடு போய்ச் சேரவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். 1890களின் கடைசியில் பாஸ்டனில் பிரெஸ்காட், அண்டர்வுட் இருவரும் மக்காச்சோள டப்பாவுக்குள் வெப்பமானியை வைத்து அளந்தபிறகுதான் எவ்வளவு நேரம் என்பது டப்பாவின் அளவையும் உள்ளே இருப்பதன் கெட்டித்தன்மையையும் வைத்துக் கணக்கிடுகிற விஷயமாயிற்று.

கெட்ட புட்டிகளை ஒதுக்க, புடைத்தவற்றைத் துணியில் சுற்றி, கையுறையோடு, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த வாளிக்குள் முழுக்க மூழ்கவைத்தே மூடியைத் தளர்த்தினேன். அடுத்து மசியலையே குக்கரில் வைத்து, ஓரத்தையும் நடுவையும் தனித்தனியாக எடுத்துத் தெளிந்த சாற்றில் விட்டுப் பார்க்கப்போகிறேன், எது முதலில் கலங்குகிறது என்று.