மண் பரிசோதனை அறிக்கையை மூட்டைக் கணக்காக மாற்றிய கதை

ஆந்திராவில் குப்பம் பக்கத்தில் எங்கள் ஊரில் தெலுங்கு பேசத் தெரியாதவர்கள் கிடையாது. படிக்கத் தெரியாதவர்கள்தான் நிறைய. என் தாய்மாமா அந்தக் காலத்தில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். தெலுங்கில் சந்தையில் பேரம் பேசுவார், பஞ்சாயத்தில் சண்டை போடுவார், எழுத்து மட்டும் வராது. அவருடைய கடலைக் காட்டு மண்ணைச் சோதித்த அறிக்கை பாதி தெலுங்கிலும் பாதி ஆங்கிலத்திலும் வந்தது. நான் வேளாண்மை டிப்ளமோ படித்தவன் என்பதால் என்னிடம் நீட்டினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தனை மூட்டை வாங்கணும்னு சொல்லு, போதும்."

அந்த ஒரு கேள்விக்குப் பதில் அந்தத் தாளில் எங்கேயும் நேராக இல்லை. எல்லாம் எக்டேர் கணக்கு. உரம் கூட யூரியா, பொட்டாஷ் என்று இல்லாமல் சத்தின் பெயரில் இருந்தது. நிலமோ 1 ஏக்கர் 40 சென்ட், மானாவாரி.

முதலில் பார்த்தது எண்களை அல்ல, சர்வே நம்பரை. மத்திய அரசின் மண்வள அட்டைத் திட்டத்தில் மானாவாரி நிலமென்றால் 10 எக்டேருக்கு ஒரு மாதிரி எடுப்பார்கள். அது கிட்டத்தட்ட 25 ஏக்கர். யாரோ ஒருவர் காட்டில் எடுத்த மண்ணின் கணக்குதான் அந்த 25 ஏக்கரில் உள்ள எல்லார் அட்டையிலும் அச்சாகி வரும். மாமாவின் தாள் அப்படியில்லை. காட்டில் பல இடங்களில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, அரைக்கிலோ அளவுக்குப் பிரித்து அவரே கொடுத்திருந்தார். சர்வே நம்பரும் சரியாக இருந்தது. அப்புறம்தான் உள்ளே போனேன்.

கார அமில நிலை 6.4, உப்பு அளவு 0.15. இரண்டிலும் பேச ஒன்றுமில்லை. சுண்ணாம்பு வேண்டாம், உவர்ப்பும் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்தேன். கரிமச்சத்து 0.31 சதவீதம். 0.5-க்குக் கீழே என்றால் குறைவு. இதற்கு மாட்டுச் சாணமும் தொழு உரமும்தான் வழி, கடையில் வாங்கும் மூட்டையில் இல்லை.

அடுத்தது தழைச்சத்து. தாளில் "நத்ரஜனி" என்று இருந்தது, எக்டேருக்கு 176 கிலோ. "ஏற்கெனவே 176 கிலோ இருக்குதுல்ல, அப்புறம் எதுக்குப் போடணும்?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. அந்த எண் கையிருப்பு இல்லை. ஆய்வகத்தில் மண்ணை ஒரு ரசாயனக் கரைசலோடு காய்ச்சி, அதில் எவ்வளவு வெளியே வருகிறது என்று அளக்கிறார்கள். ஒரு மண்ணையும் இன்னொரு மண்ணையும் ஒப்பிட அது உதவும். 280-க்குக் கீழே இருந்தால் குறைவு, 560 வரை நடுத்தரம். அவ்வளவையும் செடி இந்த ஒரு பருவத்திலேயே எடுத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. அதனால் தமிழில் எழுதும்போது அந்த எண்ணை எடுத்துவிட்டு "தழைச்சத்து: குறைவு" என்று மட்டும் எழுதினேன். விவசாயி கைக்குப் போகும் தாளில் கழிக்கத் தூண்டுகிற எண் இருந்தால் அவர் கழித்தே தீருவார்.

உண்மையில் உட்கார்ந்து யோசிக்க வைத்தது மணிச்சத்துதான். அறிக்கையில் 31 என்று இருந்தது. இந்த 31 எதனுடைய 31 என்பதில் இருக்கிறது விஷயம். சில அறிக்கைகளில் வெறும் P, அதாவது தனிமமாக எழுதுவார்கள். சிலவற்றில் P2O5 என்று ஆக்சைடு கணக்கில் எழுதுவார்கள். தனிமக் கணக்கை 2.29 ஆல் பெருக்கினால்தான் ஆக்சைடு கணக்கு வரும். உர மூட்டையில் அச்சிடும் சதவீதமும், பல்கலைக்கழகப் பரிந்துரையும் எப்போதும் ஆக்சைடு கணக்கு. மண் பரிசோதனை மட்டும் எதுவாகவும் இருக்கலாம். தலைப்பு தெளிவாக இல்லையென்றால் பக்கத்தில் போட்டிருக்கும் வரம்பைப் பார்க்க வேண்டும். நடுத்தரம் என்பது 10 முதல் 25 வரை என்று இருந்தால் அது தனிமம். 23, 57 என்ற எண்களுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆக்சைடு. மாமாவின் தாளில் 10, 25. ஆக 31 என்பது அதிகம். சாம்பல் சத்திலும் இதே சிக்கல் உண்டு, அங்கே பெருக்க வேண்டியது 1.2. அவருக்கு அது 205, நடுத்தரம்.

அதிகம் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. வருஷா வருஷம் ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி போடுகிற காடு அது. 50 கிலோ டிஏபியில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. கடலை எடுத்தது போக மிச்சம் மண்ணிலேயே தங்கிவிட்டது.

ஆந்திராவில் மானாவாரிக் கடலைக்கான பொதுப் பரிந்துரை எக்டேருக்குத் தழை 20, மணி 40, சாம்பல் 50 கிலோ. மண் குறைவாக இருந்தால் அதில் 30 சதவீதம் கூட்டுவார்கள், அதிகமாக இருந்தால் 30 சதவீதம் குறைப்பார்கள், நடுத்தரம் என்றால் அப்படியே. மாமாவுக்கு வந்தது 26, 28, 50. தழைச்சத்தின் பங்கு இவ்வளவு கம்மியாக இருக்கிறதே என்று யாரும் பதற வேண்டாம். கடலை தன் வேர் முடிச்சுகளில் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். இது ஆரம்ப வளர்ச்சிக்கு மட்டும்.

இனி கணக்கு. எக்டேரை ஏக்கராக்க 2.47 ஆல் வகுக்க வேண்டும். ஏக்கருக்குத் தழை பத்தரை கிலோ, மணி 11.3, சாம்பல் 20 கிலோ சொச்சம் வரும். இது சத்துக் கணக்கு. உரமாக்க, மூட்டையில் உள்ள சதவீதத்தால் வகுக்க வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டில் 16 சதவீதம் மணிச்சத்து, அதனால் ஏக்கருக்கு 71 கிலோ. பொட்டாஷில் 60 சதவீதம், அதனால் 34 கிலோ. யூரியாவில் 46 சதவீதம், அதனால் 23 கிலோ. மாமாவின் ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைந்த ஏக்கருக்குப் பெருக்கினால் சூப்பர் 99 கிலோ, பொட்டாஷ் 47 கிலோ, யூரியா 32 கிலோ.

இதைத்தான் அவருக்கு எழுதினேன்: சூப்பர் 2 மூட்டை, பொட்டாஷ் 1 மூட்டை, யூரியா முக்கால் மூட்டைக்குக் கொஞ்சம் கம்மி. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ என்பதை மறந்து 50 என்று கணக்குப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் "ஒரு மூட்டையில் 13 கிலோ மிச்சம் வை" என்று எழுதினேன். அவர் வீட்டில் தராசு இருக்கிறது.

"டிஏபி வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்பதற்குக் காரணம் மணிச்சத்து மட்டும் இல்லை. அறிக்கையில் கந்தகம் 7 பிபிஎம், 10-க்குக் கீழே போனாலே குறைவு. டிஏபியில் கந்தகமும் இல்லை, சுண்ணாம்புச் சத்தும் இல்லை. சூப்பரில் இரண்டும் உண்டு. 100 கிலோ சூப்பரில் 11 கிலோ கந்தகம் கிடைக்கும். கடலைக்கு எண்ணெய் ஏறவும் காய் பிடிக்கவும் இவை வேண்டும். சூப்பர் கனமான உரம், வண்டிக் கூலி கூட ஆகும், கடைக்காரருக்கும் அதை விற்பதில் பெரிய ஆசை இருப்பதில்லை. ஆனாலும் இந்த மண்ணுக்கு அதுதான்.

பிபிஎம் என்பதை எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று சொன்னால் யாருக்கும் ஏறாது. ஒரு ஏக்கரில் மேலே அரையடி மண் மட்டும் சுமார் 9 லட்சம் கிலோ எடை வரும். அந்த மண்ணில் துத்தநாகம் 0.4 பிபிஎம் என்றால் ஏக்கர் முழுக்க சுமார் 360 கிராம்தான் செடிக்கு எட்டும் நிலையில் இருக்கிறது. குறைந்தது 0.6, அதாவது 540 கிராமாவது வேண்டும். இப்படிச் சொன்னதும் மாமா தலையாட்டினார்.

அதற்கு அறிக்கையில் எக்டேருக்கு 50 கிலோ ஜிங்க் சல்பேட் என்று எழுதியிருந்தது. ஏக்கருக்கு 20 கிலோ, மாமாவுக்கு 28 கிலோ. ஆனால் கடையில் இரண்டு வகை இருக்கிறது. 21 சதவீதம் துத்தநாகம் உள்ளது ஒன்று, 33 சதவீதம் உள்ளது இன்னொன்று. பரிந்துரை முதல் வகைக்கானது. இரண்டாவதை வாங்கினால் 18 கிலோ போதும். பையின் மேல் எந்த எண் இருக்கிறது என்று பார்த்து வாங்கச் சொல்லி, இரண்டு கணக்கையும் எழுதிக் கொடுத்தேன். சூப்பரோடு கலந்து ஒரே கையில் வீசக் கூடாது, மணிச்சத்தும் துத்தநாகமும் சேர்ந்தால் கரையாத பொருளாகிவிடும். இரண்டு மூன்று நாள் விட்டு இறைக்கச் சொன்னேன். வருஷா வருஷமும் இது வேண்டாம், இரண்டு மூன்று பருவத்துக்கு ஒருமுறை போதும்.

ஜிப்சத்தைத் தாளில் தனி வரியாகக் கடைசியில் போட்டேன். காரணம், நேரம் வேறு. மற்றதெல்லாம் கடைசி உழவில் போய்விடும். ஜிப்சம் பூக்கும் சமயத்தில், விழுது மண்ணில் இறங்குவதற்கு முன், செடி ஓரமாகப் போட்டு மண் அணைக்க வேண்டும். ஏக்கருக்கு 200 கிலோ, அவருக்கு 280. வளரும் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியிருக்கிற மண்ணிலிருந்தே நேராக உறிஞ்சும், வேர் வழியாக வருவது போதாது. அதனால்தான் அடியில் சூப்பர் போட்டோமே என்று இதை விட்டுவிட முடியாது.

தாளைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் காட்டுக்காரர் தன்னுடையதையும் கொண்டுவந்தார். அவருடையது வேறு ஆய்வகத்தில் செய்தது. மணிச்சத்து அவருக்கும் 31. "உங்க மாமா கணக்கையே எனக்கும் போட்டுக் குடுப்பா" என்றார். தலைப்பில் P2O5 என்று இருந்தது, நடுத்தர வரம்பும் 23-க்குப் பக்கத்தில் தொடங்கியது. அதை 2.29 ஆல் வகுத்தால் பதின்மூன்றரைதான். அவர் காடு நடுத்தரம். மணிச்சத்தில் குறைக்க ஒன்றுமில்லை, எக்டேருக்கு 40 கிலோ என்ற பரிந்துரை முழுசாக, அதாவது ஏக்கருக்குச் சூப்பர் 2 மூட்டை. மாமாவுக்கு 1 ஏக்கர் 40 சென்டுக்குச் சொன்னதை இவருக்கு 1 ஏக்கருக்கே எழுதிக் கொடுத்தேன்.