‘இவன் எங்கப்பாவுக்குப் பிறந்தவனே இல்லை’

பாகப்பிரிவினை வழக்கின் எதிருரையில் இந்த ஒரு வரி வந்துவிட்டால் சொத்துக் கணக்கு பின்னுக்குப் போய்விடும். “டிஎன்ஏ எடுத்துடலாமா சார்?” என்றுதான் கட்சிக்காரர் முதலில் கேட்பார். வக்கீல் கேட்க வேண்டியது வேறு: வீட்டுப் பெட்டியில் என்ன காகிதம் இருக்கிறது, அது எந்த வருஷத்துக் காகிதம்?

வருஷத்தில்தான் விஷயமே இருக்கிறது. அப்பா இறந்த பிறகு தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்றிதழை நம்பிப் பலர் வருகிறார்கள். பிறப்பே தகராறில் இருக்கும்போது அது தீர்வாகாது; ஆட்சேபணை வந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி தாசில்தாரே அனுப்பிவிடுவார். ஆனால் சண்டையின் நிழலே இல்லாத காலத்தில் அப்பா பதிவு செய்த செட்டில்மெண்ட் பத்திரத்தில் “என் குமாரன்” என்று ஒரு சொல் இருந்தால் அதன் எடையே தனி. தகராறு எழும் முன் இறந்தவர் உறவைப் பற்றிச் சொன்னதைச் சாட்சியச் சட்டம் ஏற்கிறது. வில்லங்கச் சான்று போட்டு அப்பாவின் எல்லாப் பத்திரங்களையும் தேடி, சார்பதிவகத்தில் சான்றிட்ட நகல் எடுத்துவிட வேண்டும். விற்ற நிலத்தின் பத்திரத்தையும் விடக்கூடாது. மைனர் மகனுக்காகவும் சேர்த்துக் கையெழுத்திட்டிருப்பார்.

பள்ளி ஆவணத்தில் மாற்றுச் சான்றிதழோடு நின்றுவிடுவது வழக்கமான தவறு. சேர்க்கைப் பதிவேட்டையே தலைமை ஆசிரியருக்குச் சம்மன் அனுப்பி வரவழைக்க வேண்டும். தகவல் கொடுத்தவர் யார், கையெழுத்து யாருடையது என்பது அதில்தான் தெரியும். அப்பாவே கையெழுத்திட்டிருந்தால் குறுக்கு விசாரணையில் அதை அசைப்பது கடினம். பத்திரத்தில் சுப்பிரமணியன், பள்ளியில் மணி என்று பெயர் மாறினால், இருவரும் ஒருவரே என்று காட்ட அதே கதவு எண்ணோ தாத்தா பெயரோ உள்ள மூன்றாவது காகிதம் தேவை.

வாய்மொழிச் சாட்சியில் உறவினரின் நடத்தைதான் பேசும். பழைய சாட்சியச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு அதற்கானது. 2024 ஜூலை 1-இல் வந்த புதிய சட்டத்தில் அது 44. கொள்ளி வைத்தது யார், கல்யாணப் பத்திரிகையில் யார் மகன் என்று அச்சானது என்பதை நேரில் கண்டவர் சொல்ல வேண்டும். “ஊர்ல அப்படித்தான் பேசிக்குவாங்க” என்று சாட்சி வாய் தவறினால் முடிந்தது கதை.

இவ்வளவும் இருந்தால் டிஎன்ஏ கேட்கும் எதிர்த்தரப்பை மறுக்க முடியுமா? முடியும். 2021 அக்டோபர் 1-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த ஹரியானா வழக்கு ஒன்று. பெற்றோர் சொத்துக்கு உரிமை கோரினார் ஒருவர். அவர் மகனே இல்லை என்று மூன்று சகோதரிகள் மறுத்தார்கள். வாதி தன் சாட்சியங்களை முடித்த பிறகு அவருக்கு டிஎன்ஏ சோதனை கேட்டு மனுப் போட்டார்கள். விசாரணை நீதிமன்றம் மறுத்தது, ஹைகோர்ட் அனுமதித்தது, சுப்ரீம் கோர்ட் ஹைகோர்ட் உத்தரவை ரத்து செய்தது. வேறு சாட்சியம் இருக்கும்போது, விருப்பமில்லாதவரைச் சோதனைக்கு இழுப்பது அவரது அந்தரங்க உரிமையில் கை வைப்பது என்றது. இதில் ஒரு முனை வாதியையும் குத்தும்: மறுத்துவிட்டு, காகிதமும் சரியில்லை என்றால் தோல்வி அவருக்குத்தான்.

பெற்றோரின் திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்தவர் என்றால் இன்னொரு அரணும் உண்டு. பழைய 112, புதிய 116-ஆம் பிரிவின்படி, கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் சேர வாய்ப்பே இல்லை என்று காட்டாதவரை அவர் அந்தக் கணவரின் பிள்ளைதான். “அப்ப அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே இல்லை” என்பது போதாது.

காகிதம் உண்மையிலேயே இல்லை, சோதனைதான் வழி என்றால், முதலில் பார்க்க வேண்டியது யாருடைய ரத்தத்தோடு ஒப்பிடுவது என்பதை. அப்பாவை எரித்தாகிவிட்டது. எதிரே இருப்பது மூத்த தாரத்துப் பெண்கள், உரிமை கேட்பவர் இளைய தாரத்து மகன் என்று வைத்துக்கொள்வோம். பெண்களிடம் ஒய் குரோமோசோம் கிடையாது. தாய் வேறு என்பதால் தாய்வழி மைட்டோகாண்ட்ரியாவும் உதவாது. மற்ற குரோமோசோம்களை ஒப்பிட்டால், ஒரு தந்தை மட்டும் பொதுவாக உள்ளவர்களுக்கு முடிவு பல நேரம் இரண்டும் கெட்டானாக வரும். அப்பாவின் உடன்பிறந்த தம்பியோ அவர் மகனோ ரத்தம் கொடுத்தால் ஒய் ஒப்பீடு நடக்கும். பொருந்தாவிட்டால் அது வாதிக்குப் பலத்த அடி. பொருந்தினாலோ, அதே வம்சத்து ஆண் ஒருவரின் பிள்ளை என்பது மட்டுமே தெரியும். சித்தப்பா மகனாகவும் இருக்கலாம். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் திசுப் பரிசோதனை நடந்து, அந்தத் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி பத்திரமாக இருந்தால் நேரடியாகவே ஒப்பிடலாம். திசு கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலின் டிஎன்ஏவைத் துண்டாக்கியிருக்கும் என்பதால் அதுவும் உறுதியில்லை. வாதியின் தாய் உயிரோடிருந்தால் அவர் மாதிரியையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். தாயிடமிருந்து வந்ததைக் கழித்துவிட்டால் தந்தை பங்கு தெளிவாகும்.

மனு சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 26, விதி 10-ஏ-இன் கீழ் போகும். தனியார் லேபில் தானே எடுத்து வந்த ரிப்போர்ட் நிற்காது; அந்த எச்சில் யாருடையது என்ற ஒரு கேள்வியில் விழுந்துவிடும். மாதிரி எடுக்கும்போது இரு தரப்பும் இருக்க வேண்டும். புகைப்படம், பெருவிரல் ரேகை, அடையாள அட்டை நகல், சீல் விவரம் எல்லாம் படிவத்தில் ஏற வேண்டும். அண்மையில் ரத்தம் ஏற்றினார்களா, எலும்பு மஜ்ஜை மாற்றினார்களா என்ற கேள்விகளுக்கான பதிலும் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.