திங்கள்கிழமை மெசேஜ்

ஜூன் 3, 2025, செவ்வாய்

நேற்றும் எஸ். வரவில்லை. "உடம்பு சரியில்லை சார்" என்று காலை எட்டே முக்காலுக்கு மெசேஜ். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பிரிவில் திங்கள்தான் மலை மாதிரி வேலை, சனி ஞாயிறில் அட்மிட் ஆனவர்களின் ஃபைலெல்லாம் சேர்ந்து வரும். "திங்கள், வெள்ளின்னா அவரைத் தேடாதீங்க" என்று டீமில் ஒருவர் சிரித்தார். இது கிண்டலாகப் பரவுவதற்குள் பேசிவிட வேண்டும்.

அதற்குமுன் வருகைப் பதிவை எடுத்தேன். ஜனவரியிலிருந்து நேற்றுவரை 13 நாள் வரவில்லை, அதில் 11 திங்களும் வெள்ளியும். பார்த்தால் பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் திங்களும் வெள்ளியும் சேர்ந்தே ஐந்தில் இரண்டு பங்கு. எந்த வழக்கமும் இல்லாத ஆளுக்குக்கூட 13-இல் ஐந்து அங்கேதான் விழும். எனவே உறுத்த வேண்டியது 11 அல்ல, ஐந்துக்கு மேல் உள்ளதுதான்.

ஜூன் 4, புதன்

பதிவை இன்னொரு முறை பிரித்துப் பார்த்ததில் கதை மாறியது. வெள்ளி மூன்றும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து நானே கையெழுத்துப் போட்டவை. பொங்கலுக்கு முந்தைய திங்களும் அப்படியே. அனுமதித்த லீவைக் குற்றப்பட்டியலில் சேர்த்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அவற்றை அடித்துவிட்டேன்.

மிச்சம் ஏழு திங்கள்: பிப்ரவரி 24, மார்ச் 10, 24, ஏப்ரல் 21, மே 5, 19, ஜூன் 2. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். நடுவில் ஏப்ரல் 7 மட்டும் வந்திருக்கிறார். ஞாயிறு இரவுக் கூத்து என்றால் இவ்வளவு ஒழுங்காக வராது. ஏதோ ஒன்றை யாரோடோ முறை வைத்துக்கொண்டு செய்கிறார் என்று தோன்றியது. அதை அவர் வாயால்தான் கேட்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

சின்ன மீட்டிங் அறையில் பேசினோம். வேண்டுமென்றேதான் வியாழன். வராத நாளுக்கு மறுநாளே கூப்பிட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

தேதிகள் எழுதிய தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "இந்த ஏழு நாளும் அன்னைக்குக் காலைலதான் மெசேஜ் வந்திருக்கு. என்ன விஷயம்னு சொல்ல முடியுமா?"

"உடம்புதான் சார்."

"என்ன உடம்புன்னு கேட்கமாட்டேன், அது எனக்குத் தேவையில்ல. ஆனா இந்தக் கணக்குப்படி அடுத்தது 16-ஆம் தேதி. அன்னைக்கு வருவீங்களா?"

நடந்ததைக் கேட்டால் காரணம் சொல்லிவிடலாம். வரப்போகும் நாளுக்கு "அன்றைக்கும் காய்ச்சல் வரும்" என்று யாராலும் சொல்ல முடியாது. பதில் வர நேரமானது. நான் இடையில் பேசவில்லை.

அப்பாவுக்குப் பிப்ரவரியில் பக்கவாதம். தென்காசியில் இருக்கிறார். அண்ணனும் இவரும் வாரம் மாற்றிப் போய்ப் பார்த்துக்கொள்கிறார்கள். உதவிக்கு வரும் பெண்மணிக்குச் சனி ஞாயிறு லீவு, திங்கள் காலைதான் வருவார். ஞாயிறு மாலை பொதிகை ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் அப்பாவைத் தனியே விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஏப்ரல் 7-க்கு அண்ணன் முறை மாற்றிக்கொண்டாராம்.

"புரமோஷன் நேரம் சார், சொன்னா தள்ளிப் போயிடுமோன்னு பயம்."

பொய் மெசேஜ் எனக்கு உறுத்தல்தான், அதையும் சொன்னேன். "இனிமே காரணம் சொல்ல வேண்டாம், தேதி மட்டும் முன்னாடியே சொல்லுங்க. உடம்புன்னு மட்டும் எழுதாதீங்க."

ஜூன் 6, வெள்ளி

இரக்கம் வேறு, கணக்கு வேறு. வருடத்துக்கு கேஷுவல் லீவு 12. ஒன்று விட்டு ஒரு திங்கள் என்றால் 26. நோயாளிகளின் ஆவணம் என்பதால் வீட்டிலிருந்து வேலை பார்க்கவும் அனுமதி கிடையாது.

கிடைத்த வழி: ஊருக்குப் போகாத வாரம் அவர் சனிக்கிழமை ஷிஃப்ட், போகும் வாரம் திங்கள் விடுப்பு. சனி ஷிஃப்டிலிருந்து கழன்றுகொள்ளக் காத்திருந்த ஒருவர் அந்தத் திங்களில் அவருடைய ஃபைலையும் பார்ப்பார். ஹெச்.ஆருக்கும் எஸ்.-க்கும் மெயில் போட்டேன். அதில் தேதிகள், ஏற்பாடு, ஜூலை 17-இல் மறுபரிசீலனை, இவ்வளவுதான். அப்பாவின் உடல்நிலை பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம்.

ஜூன் 11, புதன்

"அவருக்கு மட்டும் என்ன சார் தனி ஷிஃப்ட்?" என்று ஒருவர் கேட்டார். "உங்களுக்கும் தேவைன்னா வந்து கேளுங்க, அவர் விஷயத்தை உங்ககிட்ட பேசமாட்டேன்" என்றேன். முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

ஜூலை 17, வியாழன்

மறுபரிசீலனை. ஜூன் 16, 30, ஜூலை 14 மூன்றும் முன்பே தெரிந்தவை, வேறு எந்தக் காலை மெசேஜும் இல்லை. எதிர்பார்க்காத சிக்கல் சனிக்கிழமையில் வந்தது. மருத்துவமனை பில்லிங் பிரிவுகளில் அன்று போனை எடுக்க ஆளில்லை. அவர் எழுப்பும் சந்தேகங்களெல்லாம் பதிலின்றித் திங்களுக்கே திரும்ப வருகின்றன. இனி சனியில் அவருக்குப் புது ஃபைல் கிடையாது, விளக்கம் வந்துவிட்ட பழைய கிளெய்ம்களை முடிப்பது மட்டும். செப்டம்பர் வரை இப்படி ஓட்டிப் பார்க்கிறோம்.