குதிகாலில் வந்து நின்ற கேள்வி

‘இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண் குறையுமா?’ எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்கு நான் முதலில் எழுதிக்கொண்டு போன கேள்வி இது. கைடு மேடம் படித்துவிட்டு, “திருப்பாம விடுற குரூப்புக்கு எங்கம்மா போவ?” என்றார். ஒப்பிடுவதற்காக யாரையும் திருப்பாமல் போட்டுவைக்க முடியாது. அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது.

அப்போது வடசென்னையில் ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் எனக்கு போஸ்டிங். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள்தான் அதிகம். இரவில் அவர்களைத் திருப்புவது பெரும்பாலும் கூட இருக்கும் மகளோ மருமகளோதான். காசிமேட்டிலிருந்து வந்த ஒரு அக்கா, அம்மாவின் முதுகைப் பார்த்துப் பார்த்துத் துடைப்பார். முதுகில் ஒன்றுமில்லை. நான்காம் நாள் போர்வையை விலக்கினால், அடிபட்ட காலின் குதிகால் மெத்தையில் அழுந்தி, தொட்டால் கொழகொழவென்று இருந்தது. வலியில் அந்தக் காலை அவர் அசைக்கவே இல்லை.

சரி, குதிகாலையே எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். கெண்டைக்காலின் நீளத்துக்குத் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி நிறுத்த வேண்டும். முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். தலையணையைக் கணுக்காலுக்குப் பின்னால் மட்டும் வைத்தால் பாரம் முழுவதும் குதிகால் தசைநாணில் இறங்கிவிடும். இதை உறவினருக்குச் செய்துகாட்டிக் கற்றுக்கொடுப்பதுதான் என் ஆய்வு.

அடுத்த சிக்கல், புண் வந்ததை எதை வைத்துச் சொல்வது? முதல் நிலையில் தோல் கிழியாது. அழுத்தினாலும் வெளுக்காத சிவப்புதான் அடையாளம் என்று படித்திருக்கிறோம். கறுத்த, தடித்த குதிகாலில் அந்தச் சிவப்பு தெரியாது. அதனால் சூடு, வலி, கடினமாகவோ கொழகொழவென்றோ இருப்பது, இவற்றை மறு குதிகாலோடு ஒப்பிட்டுத் தினமும் குறிப்பது என்று வரையறுத்தேன். சேரும்போதே புண் இருந்தவர்களையும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களையும் விட்டுவிட்டேன். அவர்களைச் சேர்த்தால் புதிதாக வந்தது எது என்ற கணக்கே குழம்பிவிடும்.

இரண்டு குரூப்பையும் ஒரே வார்டில் ஒரே சமயத்தில் வைக்கவும் முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் தலையணை வைப்பதைப் பார்த்தால் இவர்களும் வைப்பார்கள், வைக்கத்தான் வேண்டும். எனவே முதல் இரண்டு மாதம் வழக்கமான பராமரிப்பு, அப்புறம் இரண்டு மாதம் பயிற்சியோடு. இடையில் வார்டு ஊழியர்கள் மாறினால் முடிவும் மாறலாம் என்பதைக் குறைபாடாக எழுதிவிட்டேன்.

கடைசியில் கேள்வி இப்படி நின்றது: ‘இடுப்பெலும்பு முறிவோடு வார்டில் சேர்ந்து, படுக்கைப்புண் வரும் ஆபத்தை அளக்கும் பிரேடன் அளவுகோலில் 18 அல்லது அதற்குக் கீழ் இருக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, வழக்கமான பராமரிப்போடு உறவினருக்குத் தலையணைப் பயிற்சியும் கொடுத்தால், முதல் 7 நாளில் குதிகாலில் புதிதாக வரும் அழுத்தப்புண் குறைகிறதா?’

மேடம் இதற்கு ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். எந்தக் குரூப்பில் இருந்தாலும், குதிகாலில் மாற்றம் தெரிந்த உடனே வார்டு சிஸ்டரிடம் சொல்லி, அந்தக் காலைத் தூக்கி வைத்துவிட வேண்டும்.