பட்டியலில் கடைசி நாலு எண்

மாதச் சம்பளம் வங்கிக்குப் போகும் முன் எங்கள் தோட்டக் கந்தோர் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டுவோம். செக்ரோல் இலக்கம், பெயர், கணக்கிலக்கம் மூன்றும் அதில் இருக்கும். ஆட்கள் தங்கள் வரியைப் பார்த்து, கணக்கு மாறியிருந்தால் கிளாக்கரிடம் சொல்வார்கள். முழு இலக்கமும் அச்சானால் யாரும் போனில் படம் எடுத்துக்கொண்டு போகலாம். பெயரும் கணக்கும் தெரிந்த ஒருவன், "வங்கியிலிருந்து பேசுறோம் அக்கா, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று கேட்டால் நம்பாமல் இருப்பது கஷ்டம். அதனால் கடைசி நாலு எண்ணைத் தவிர மற்றதை மறைக்கிறோம்.

எக்செலில் முழு இலக்கம் C நிரலில் இருக்கும். D நிரலில் இதைப் போடுகிறோம்:

```
=REPT("X",LEN(TRIM(C2))-4)&RIGHT(TRIM(C2),4)
```

இலக்கத்தின் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டியிருந்தால் மூன்று எண்தான் தெரியும். `TRIM` அதைத் தடுக்கிறது. எல்லாருக்கும் ஒரே அளவாக நாலு X போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது என்பேன். 004712386159 என்ற 12 எண் கணக்கை எடுத்துக்கொள்வோம். கலம் எண் வடிவில் இருந்தால் எக்செல் முன்னாலுள்ள இரண்டு பூச்சியத்தையும் விட்டுவிடும். கடைசி நாலு அப்போதும் 6159தான். கணக்குக்கார அக்காவும் பட்டியலைப் பார்த்துச் சரி என்று போய்விடுவார், பணம் திரும்பி வரும். நீளத்தை அப்படியே காட்டினால் எட்டு X வர வேண்டிய இடத்தில் ஆறுதான் வரும். `Courier New` எழுத்தில் அச்சடித்தால், அதே வங்கியில் கணக்குள்ள மற்றவர்களின் வரிகளுக்கு நடுவே அது குட்டையாகத் தெரியும். அப்புறம் நிரலை `Text` ஆக மாற்றினாலும் போன பூச்சியம் வராது. வங்கிப் புத்தகத்தைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டும்.

நாலு எண்கள் 10,000 விதமாகத்தான் அமையும். அவை எழுந்தமானமாக அமைந்தால், 120 பேர் உள்ள பட்டியலிலேயே யாராவது இருவருக்கு ஒன்றாக வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. எங்கள் பக்கம் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அப்போது ஐந்தாவது எண்ணைத் திறந்துவிடக் கூடாது. ஆளைப் பிரித்துக் காட்ட செக்ரோல் இலக்கம் இருக்கிறது.

ஆனால் 004712386159 என்பதை 004721386159 என்று அடித்துவிட்டால் நீளமும் ஒன்று, கடைசி நாலும் ஒன்று. சுவரில் உள்ள தாள் இதைக் காட்டவே காட்டாது. ஆகவே புதுக் கணக்கு வரும் அன்றே ஒருவர் வங்கிப் புத்தகத்தைப் பார்த்து முழுதாக வாசிக்க, இன்னொருவர் திரையில் எண் எண்ணாகப் பார்க்கிறோம். தாள் பிழை பிடித்துவிடும் என்று இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.

கோப்பையே கேட்டு வருபவர்களுக்கு C நிரலை ஒளித்துவைத்துக் கொடுப்பதில்லை. ஒளித்த நிரலை யாரும் திரும்பத் திறக்கலாம். D நிரல் மட்டும் உள்ள பீடிஎஃப்தான் கொடுப்போம்.