பரு போன பிறகும் போகாத கறுப்பு: டர்பன் நாட்குறிப்பு

டிசம்பர் 4

நாத்தனார் மகளுக்கு மெட்ரிக் பரீட்சை, இங்கே தென்னாப்பிரிக்காவில் பள்ளியின் கடைசிப் பரீட்சை, முடிந்துவிட்டது. புத்தகத்தை மூடிய கையோடு என்னிடம் வந்து நின்றாள். "அத்தை, பரு குறைஞ்சிடுச்சு. இந்தக் கறுப்பு மட்டும் போக மாட்டேங்குது. நீங்க பார்மசியிலதானே இருக்கீங்க, ஏதாவது குடுங்க."

ஜன்னலோரம் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைத் தடவச் சொன்னேன். விரலுக்குக் குழியோ மேடோ எதுவும் தட்டவில்லை. அப்படியானால் இது தழும்பல்ல, வெறும் நிறம்தான். குழி விழுந்திருந்தால் எந்தக் களிம்பும் அதை நிரப்பாது, அதன் வைத்தியமே வேறு. பரு வீங்கிச் சிவந்திருக்கும்போது தோலுக்கு நிறம் தரும் செல்கள் உசுப்பப்பட்டு மெலனினை அள்ளிக் கொட்டுகின்றன. வீக்கம் வடிந்த பிறகும் அந்த நிறம் அங்கேயே தங்கிவிடுகிறது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இது இன்னும் அதிகம்.

பெரும்பாலும் காப்பித்தூள் நிறத்தில் இருந்தன. தாடையோரம் ஒன்று மட்டும் சாம்பல் கலந்த நீலமாகத் தெரிந்தது. இடது கன்னத்தை விட வலது கன்னம் நன்றாகவே கறுத்திருந்தது. ஏன் என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை.

டிசம்பர் 6

இன்று எங்கள் ஊர் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காரணம் தெரிந்தது. விடுமுறை விட்டதிலிருந்து அப்பா காய்கறி ஏற்றும் சின்ன டிரக்கை, இங்கே பக்கி என்போம், ஓட்டுவது இவள்தான். இந்த ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார், அந்தப் பக்கத்துக் கண்ணாடிதான் வலது கன்னத்துக்கு அடுத்து இருக்கிறது.

தோலைச் சிவக்கச் சுடுகிற யுவிபி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதனால் வெயில் படாத மாதிரியே தோன்றும். ஆனால் யுவிஏ கதிரில் ஒரு பங்கும், கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமும் உள்ளே வந்துவிடுகின்றன. அந்த வெளிச்சமே கறுத்த தோலில் நெடுநாள் நிற்கும் நிறத்தை உண்டாக்கும் என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வெள்ளைத் தோலில் அப்படி நடக்கவில்லை. சன்ஸ்கிரீன் டப்பாவில் உள்ள எஸ்பிஎஃப் எண் இந்த வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பூசினால் கண்ணுக்குத் தெரியாத சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதும் இல்லை.

தடுப்பது அயர்ன் ஆக்சைடு, அதாவது துரு நிறப் பொடி. நிறம் சேர்த்த சன்ஸ்கிரீனிலும் பவுண்டேஷனிலும் அது இருக்கும். டப்பாவின் பின்புறம் சி.ஐ. 77491 (சிவப்பு), 77492 (மஞ்சள்), 77499 (கறுப்பு) என்ற எண்கள் உண்டா என்று பார்த்தால் போதும்.

டிசம்பர் 9

டாக்டரிடம் கூட்டிப்போனேன். காலையில் 20 சதவீத அசெலாயிக் ஆசிட் க்ரீம், இரவில் 0.1 சதவீத அடாபலீன் ஜெல் என்று எழுதினார். அசெலாயிக் ஆசிட் பருவையும் அடக்கும், மெலனின் உற்பத்தியையும் குறைக்கும். அடாபலீன் புதுப் பரு வராமல் பார்த்துக்கொள்ளும், மேல்தோல் உதிர்ந்து புதிதாவதையும் துரிதப்படுத்தும். பரு வருவது நிற்காமல் கறுப்பை மட்டும் விரட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

காலையில் முகம் கழுவி அசெலாயிக் க்ரீம். அது காய்ந்ததும் எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு, முகத்துக்கும் கழுத்துக்கும். நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் விலை கூடுதல், அதனால் எல்லோரும் பொட்டளவுதான் பூசுகிறார்கள். அதற்குப் பதில் சாதாரணமானதைத் தாராளமாகப் பூசிவிட்டு, மேலே அயர்ன் ஆக்சைடு உள்ள பவுண்டேஷனைப் போடச் சொன்னேன். இரவில் பட்டாணி அளவு அடாபலீன் முகம் முழுக்க. முதலில் வாரத்துக்கு இரண்டு இரவு, தோல் பழகியதும் ஒன்று விட்டு ஒரு நாள்.

ஜன்னல் பக்கத்தில், ஃபில்டர் இல்லாமல் ஒரு போட்டோ. மாதம் ஒருமுறை அதே இடம், அதே நேரம். தினமும் கண்ணாடியில் தேடினால் மாற்றம் எதுவும் தெரியாது.

டிசம்பர் 28

"அரிக்குது அத்தை" என்று போன். அசெலாயிக் ஆசிட் முதல் சில வாரங்களுக்குச் சுறுசுறுக்கும், அரிக்கும். சில நிமிடத்தில் அடங்கினால் பயமில்லை. ஆனால் இவளுக்கு மூக்கோரம் செதில் செதிலாக உரிந்திருந்தது. விசாரித்தால், சீக்கிரம் போகட்டும் என்று அடாபலீனைத் தினமும் பூசியிருக்கிறாள். போதாததற்கு ஆயா எலுமிச்சைச் சாறு தடவிவிட்டிருக்கிறார்.

ஆயாவிடம் நேரில் போய்ப் பக்குவமாகத்தான் சொன்னேன். எலுமிச்சை தோலைப் புண்ணாக்கும். பச்சை எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பிப் புதுக் கறுப்பே விழும். எரிச்சல் எதனால் வந்தாலும் சரி, மருந்தால் வந்தாலும் சரி, நம் தோல் அதற்குத் தரும் பதில் கறுப்புதான். ஒரு வாரம் இரண்டு மருந்தையும் நிறுத்தி, வெறும் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும். அடங்கிய பிறகு மறுபடி வாரத்துக்கு இரண்டு இரவிலிருந்து.

ஜனவரி 17

தோழி ஒருத்தி பெயரில்லாத டப்பா ஒன்றைக் கொடுத்திருக்கிறாள், பத்தே நாளில் பளிச்சாம். இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. தோலை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுயினோனை அழகுசாதனப் பொருட்களில் தென்னாப்பிரிக்கா 1990-லேயே தடை செய்தது. வருஷக்கணக்கில் பூசியவர்களின் கன்ன எலும்பு மேல் நீலக்கறுப்பாகப் படிந்து, திரும்பிப் போகாத ஓக்ரோனோசிஸை இங்கே டாக்டர்கள் அவ்வளவு பார்த்திருக்கிறார்கள். டாக்டர் கண்காணிப்பில் சில மாதம் போடுவது வேறு கதை. பெயரில்லாத டப்பாவில் அதுவும் இருக்கலாம், பாதரசமோ வீரியமான ஸ்டீராய்டோ கூட இருக்கலாம். சில நாளில் பளிச்சென்று வெளுத்து, நிறுத்தினதும் முகமெல்லாம் சிவந்து பரு பொங்கினால் ஸ்டீராய்டு என்று சந்தேகப்படலாம். டப்பாவை நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 10

தைப்பூசக் காவடி. டர்பனில் பிப்ரவரி வெயிலும் புழுக்கமும் சொல்லி மாளாது. பால்குடம் தலையில் இருக்கும்போது தொப்பி எங்கே வைப்பது? கிளம்பும் முன் நன்றாகப் பூசிவிட்டு, வழியில் தண்ணீர்ப் பந்தல் வரும்போதெல்லாம் வியர்வையைத் தேய்க்காமல் ஒற்றியெடுத்து மறுபடி பூசினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது சும்மா இருக்கும்போது சொல்கிற கணக்கு, வியர்த்தால் அதற்கும் முன்பே வேண்டும்.

போட்டோவைப் பழையதோடு வைத்துப் பார்த்தோம். கறுப்பு அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஓரம் கலங்கியிருக்கிறது. அவளுக்கு ஏமாற்றம். எனக்குத் திருப்தி, ஏனென்றால் புதுப் பரு ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை.

ஏப்ரல் 21

ஈஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். இடது கன்னம் கிட்டத்தட்ட தெளிந்துவிட்டது. வலது இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது, இருந்தாலும் டிசம்பரில் பக்கத்துத் தோலோடு இருந்த வித்தியாசம் பாதியாகக் குறைந்திருக்கிறது. வெயில் தணிந்துவிட்டதே, சன்ஸ்கிரீன் வேண்டுமா என்று கேட்டாள். டர்பன் குளிர்காலத்திலும் பளீரென்று வெளிச்சம் அடிக்கிற ஊர். நிறுத்தினால் மங்கினதே திரும்பக் கறுக்கும் என்றேன்.

ஜூன் 28

காப்பித்தூள் நிறத்தவை எல்லாம் தேடினால்தான் தெரிகின்றன. தாடையோரச் சாம்பல் நீலம் மட்டும் அசையவில்லை. மேல்தோலில் இருக்கும் மெலனின் செதிலோடு செதிலாக மாதங்களில் வெளியேறிவிடும். உள்தோலுக்கு இறங்கிய மெலனின்தான் நீலமாகத் தெரிவது. களிம்பு அதைத் தொடுவது கடினம், தானாக மங்க வருஷங்கள் ஆகலாம். லேசர் போடலாமா என்றாள். கறுத்த தோலில் லேசர் சூடே புதுக் கறுப்பைக் கிளப்பக்கூடும். ஒரே ஒரு புள்ளிக்காக அந்த ஆபத்தை எடுக்க வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

இனி அடாபலீன் தொடரும், அசெலாயிக் க்ரீம் இந்த டியூப் தீரும் வரை. அடுத்த போட்டோ ஜூலை கடைசியில்.