பித்தத்தைச் சிக்க வைப்பது ஓர் இடத்தில், பாக்டீரியாவுக்கு இரையாவது இன்னோர் இடத்தில்: வைவா கேள்வி ஒன்று கற்றுத் தந்த பாடம்

எம்.எஸ்சி. உணவூட்டவியல் வைவாவில் என்னைத் திணற வைத்த கேள்வி இதுதான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கரையும் நார்ச்சத்து பித்த அமிலத்தைப் பிணைத்து வெளியேத்தும்னு எழுதியிருக்கீங்க. அடுத்த வரியிலேயே அதே நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியா சாப்பிட்டுடும்னும் எழுதியிருக்கீங்க. நாரே போயிட்டா, அது பிடிச்சு வெச்சிருந்த பித்தம் என்ன ஆகும்? சொல்லுங்கம்மா."

இரண்டு வரியும் எனக்கு மனப்பாடம். ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்து ஒருநாளும் யோசித்ததில்லை. "தெரியலை மேடம்" என்றுதான் சொன்னேன். அப்புறம் நெட் தேர்வுக்குப் படிக்கும்போது இந்தப் பாடத்தை முதலிலிருந்து பிரித்துப் படித்தேன். இதே பாடத்தைப் படிப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளில் குடலை வரைந்துகொள்ளுங்கள். சிறுகுடல், அதன் கடைசியில் பின்சிறுகுடல், பிறகு பெருங்குடல். இந்தப் பாடத்தில் வரும் குழப்பம் எல்லாமே எது எங்கே நடக்கிறது என்பதைக் கவனிக்காததால் வருவது.

கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலத்தைச் செய்கிறது. அது பித்தப்பையில் சேர்ந்து, சாப்பிடும்போது சிறுகுடலுக்குள் வருகிறது. கொழுப்பைக் கரைக்க உதவிவிட்டு, பின்சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உள்ள ஒரு கடத்திப் புரதத்தால் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிப் போகிறது. உடலில் மொத்தம் 3 கிராம் பித்த அமிலம் இருக்கிறது, அது ஒரு நாளில் 6 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் குடல் வழியே போவது 18 கிராம். மலத்தில் போவது சுமார் அரை கிராம்தான். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 97 சதவீதம் திரும்பிவிடுகிறது. இது 96 ஆகக் குறைந்தால் என்ன ஆகும்? இழப்பு 0.54 கிராமிலிருந்து 0.72 கிராமாகிறது, மூன்றில் ஒரு பங்கு கூடுதல். உறிஞ்சுவதில் வரும் மிகச் சிறிய தடைகூட இழப்பில் பெரிதாகத் தெரிவது இதனால்தான். அந்த இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் கூடுதலாகக் கொலஸ்ட்ராலைச் செலவிட வேண்டும். அதற்காகத் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து போகும் எல்.டி.எல். துகள்களைப் பிடிக்கும் ஏற்பிகளைத் தன் மேற்பரப்பில் கூட்டி, எல்.டி.எல்.லை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளவு குறைவது இந்த வழியில்தான்.

நார்ச்சத்து இந்தத் தடையை எப்படிப் போடுகிறது? "பிணைக்கிறது" என்ற சொல்தான் என்னை ஏமாற்றியது. கொலஸ்டிரமின் என்ற மருந்து உண்மையாகவே பிணைக்கிறது. அதில் நேர்மின்சுமை உண்டு, பித்த அமிலத்தில் எதிர்மின்சுமை உண்டு, இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஓட்ஸில் உள்ள கரையும் நார்ச்சத்தான பீட்டா-குளுக்கனுக்கு மின்சுமையே கிடையாது. அது நீண்ட சங்கிலி. தண்ணீரில் விரிந்து வழவழப்பான கூழாகி, பித்த அமிலமும் கொழுப்பும் சேர்ந்த நுண்துளிகளான மைசெல்களைச் சிக்க வைத்து, குடல் சுவரை நெருங்கவிடாமல் மெதுவாக்குகிறது. ஊறிய வெந்தயத்தை விரலால் தேய்த்துப் பார்த்தால் அந்த வழவழப்பு கையிலேயே தெரியும்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று, 1995-இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வு. பெருங்குடல் நீக்கப்பட்டு, பின்சிறுகுடல் வயிற்றுச் சுவர் வழியாக வெளியே திறக்கும்படி அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஓட்ஸ் தவிட்டு ரொட்டி கொடுத்தார்கள். இன்னொரு கட்டத்தில் அதே ரொட்டியில் பீட்டா-குளுக்கன் சங்கிலியை வெட்டும் நொதியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். சங்கிலி முழுதாக இருந்தபோது வெளியேறிய பித்த அமிலம் தெளிவாகவே அதிகம். இவர்களுக்குப் பெருங்குடல் இல்லை என்பதைக் கவனியுங்கள். பித்தத்தை மறிக்கும் வேலை பெருங்குடல் பாக்டீரியா இல்லாமலே, சிறுகுடலிலேயே முடிந்துவிடுகிறது.

தேர்வாளர் கேட்டதற்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. நார் பெருங்குடலில் சிதையும்போது பித்த அமிலம் விடுபடத்தான் செய்கிறது. ஆனால் அதற்குள் அது பின்சிறுகுடலின் கடத்தியைத் தாண்டி வந்துவிட்டது. பெருங்குடலில் அப்படி ஒரு கடத்தி இல்லை. பாக்டீரியா அதை மாற்றிய பிறகு ஒரு பகுதி தானாகச் சுவர் வழியே ஊடுருவித் திரும்புகிறது, மீதி மலத்தோடு போகிறது.

இனிப் பெருங்குடல். ஒரு பாக்டீரியா சங்கிலியை உடைத்துச் சர்க்கரையாக்கும், இன்னொன்று அதை அசிட்டேட் ஆக்கும், வேறொன்று அந்த அசிட்டேட்டை எடுத்துப் பியூட்டிரேட் செய்யும். பிஃபிடோபாக்டீரியம் விட்ட அசிட்டேட்டைப் பீகலிபாக்டீரியம் பயன்படுத்துவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற இந்த மூன்று குறுஞ்சங்கிலி கொழுப்பு அமிலங்களும் தோராயமாக 60:20:20 விகிதத்தில் கிடைக்கின்றன. பியூட்டிரேட்டின் பெரும்பகுதியைப் பெருங்குடல் சுவரின் செல்களே எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. இரண்டு வேலைகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. இந்த அமிலங்களால் பெருங்குடலின் பி.எச். இறங்குகிறது. அப்படி இறங்கும்போது, முதல்நிலைப் பித்த அமிலங்களை டீஆக்சிகோலிக் அமிலம் போன்றவையாக மாற்றும் பாக்டீரிய நொதியின் வேலை மந்தமாகிறது.

எல்.டி.எல். குறைவதற்குக் காரணமே புரோப்பியோனேட்தான் என்று நானும் எழுதியிருக்கிறேன். கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியை அது தடுக்கும் என்பது விலங்குகளிலும் செல்களிலும் கிடைத்த முடிவு. மனிதர்களில் அதை முதன்மைக் காரணமாக வைக்கப் போதிய வலு இல்லை. இரண்டு நார்களை அருகருகே வைத்தாலே இது விளங்கும். இசப்கோல் கெட்டியாக உறையும், ஆனால் பாக்டீரியா அதை அதிகம் நொதிக்க வைப்பதில்லை. இருந்தும் எல்.டி.எல். குறைகிறது. இன்யூலின் நன்றாக நொதிக்கும், ஆனால் கூழாகாது. அது எல்.டி.எல்.லைக் குறைப்பது மிகச் சொற்பம். கரைவது, கூழாவது, நொதிப்பது மூன்றும் தனித்தனிப் பண்புகள். "கரையும் நார்ச்சத்து" என்ற ஒரே தலைப்பில் மூன்றையும் போட்டுவிட்டதால்தான் நான் மாட்டிக்கொண்டேன். வீட்டிலேயே இரண்டு தம்ளர் தண்ணீரில் இசப்கோல் ஒரு கரண்டி, இன்யூலின் பொடி ஒரு கரண்டி கலந்து பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். ஒன்று கூழாகிவிடும், மற்றது தண்ணீராகவே இருக்கும். நான் அப்படி வைத்துப் பார்த்த நாளிலிருந்து இந்த வேறுபாடு மறக்கவே இல்லை.

விடையில் எண் தேவைப்பட்டால் இது போதும்: நாளுக்கு 3 கிராம் ஓட்ஸ் பீட்டா-குளுக்கன் என்பதுதான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் ஏற்ற அளவு. எல்.டி.எல். குறைவது பொதுவாக 5 முதல் 7 சதவீதம். மருந்தின் அளவுக்கு இது வராது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். பதப்படுத்தும்போது சங்கிலி வெகுவாக உடைந்துபோனால், அதே 3 கிராம் இருந்தாலும் பலன் குறையும். ஸ்வீடன் ரொட்டி காட்டியதும் அதைத்தான்.

ஆய்வுத் தரவு கொடுத்து விளக்கச் சொல்லும் கேள்விகளில் ஒரு பொறி இருக்கும். மலத்தில் குறுஞ்சங்கிலி கொழுப்பு அமிலம் குறைவாக இருக்கிறது என்று அட்டவணை காட்டினால், பாக்டீரியா குறைவாகச் செய்தது என்று உடனே எழுதிவிடாதீர்கள். உருவானதில் 90 சதவீதத்துக்கு மேல் பெருங்குடலே உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தில் அளப்பது மிச்சத்தை மட்டும்தான். உற்பத்தி குறைந்ததா, உறிஞ்சுவது கூடியதா என்று அந்த ஓர் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அதே அட்டவணையில், பாக்டீரியா நொதிக்க வைக்கும்போது உருவாகி மூச்சில் வரும் ஹைட்ரஜன் அளவும் இருந்தால், நொதித்தல் நடந்ததா என்பதை அதிலிருந்து பாருங்கள்.